ஸகாத்தும் ஜிஸ்யாவும் சமமா? கரும்பலகையில் போட்ட ஒரு கணக்கு



போன கிழமை உயர்தர வகுப்பில் முகலாயர் ஆட்சி படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஔரங்கசீப் 1679இல் முஸ்லிம் அல்லாத குடிமக்கள் மீது ஜிஸ்யா வரியைத் திரும்பவும் விதித்தார் என்று சொன்னதும் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது. "சேர், நாங்க ஸகாத் குடுக்கிறோம். அவங்க ஜிஸ்யா குடுத்தாங்க. ரெண்டும் சமன்தானே? பிறகு ஏன் அதை அநியாயம் எண்டு சொல்றாங்க?"

நல்ல கேள்வி. பெரியவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகளிலும் இந்தப் பதில்தான் வருகிறது. இன்னொரு பக்கத்தில், ஔரங்கசீப் என்றாலே இந்துக்களை வதைத்த அரக்கன் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு உடனே பதில் சொல்லாமல், "நாளைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். அடுத்த நாள் கரும்பலகையில் போட்ட கணக்கையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரலாற்றையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜிஸ்யா பற்றிய மார்க்கச் சட்டத்தை விளக்குவது உலமாக்களின் வேலை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். முகலாய அரசு அந்த வரியை எப்போது எடுத்தது, எப்போது விட்டது, யாரிடம் எவ்வளவு வாங்கியது என்பது மட்டும்தான் என் பேச்சு.

கதை அக்பரிலிருந்து தொடங்குகிறது. அவர் 1563இல் இந்து யாத்திரிகர்களிடம் வாங்கப்பட்ட வரியை நிறுத்தினார். அடுத்த வருடம், 1564இல், ஜிஸ்யாவை நிறுத்தினார். அபுல் பஸ்லின் அக்பர்நாமா இந்த ஆண்டைத் தருகிறது. அக்பருக்கு அப்போது வயது 21.

இந்த வயதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "அக்பர் மார்க்கத்தை விட்டு விலகியதால்தான் ஜிஸ்யாவை எடுத்தார்" என்று நம்மவர்கள் பலர் சொல்வார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. பல மதத்தாரையும் கூட்டி விவாதித்த இபாதத் கானா 1575இல்தான் கட்டப்பட்டது. தீனே இலாஹி என்று சொல்லப்படுவது 1582. ஜிஸ்யாவை நிறுத்திய காலத்தில் அவர் தொழுகையைப் பேணிய, அஜ்மீருக்கு ஸியாரத் போன ஓர் இளம் அரசர். அதற்கு நான்கு வருடம் கழித்து, 1568இல் சித்தூர்க் கோட்டையைப் பிடித்தபோது வெளியிட்ட வெற்றி அறிக்கையில் ஜிஹாத் மொழியிலேயே பேசினார். அந்தக் கோட்டையில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஆகவே "நல்ல அக்பர்" என்று பாடப்புத்தகம் காட்டுகிற படமும் முழுப் படம் இல்லை.

அப்படியானால் ஏன் நிறுத்தினார்? அந்த வருடங்களில் அவருடைய மத்திய ஆசிய உஸ்பெக் தளபதிகள் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். தன் சொந்தப் பிரபுக்களை மட்டும் நம்பி இருக்க முடியாத நிலை. 1562இல் ஆம்பர் அரசர் பார்மல் தன் மகளை அக்பருக்கு மணமுடித்துக் கொடுத்து, குடும்பத்தோடு சேவையில் சேர்ந்தார். ராஜபுத்திரர்களின் வாளை நம்பி ஆட்சி நடத்தப் போகிற ஒருவர், அவர்களுடைய சமயத்தாரைத் தோற்கடிக்கப்பட்ட மக்களாகக் கணக்கெழுதி வரி வாங்குவது எப்படிச் சரிவரும்? அபுல் பஸ்ல் சொல்கிற விளக்கமும் இதுதான். முன்னைய அரசர்களுக்குப் பணத் தேவை இருந்தது, அந்த மக்களை எதிரிகளாகப் பார்த்தார்கள். இப்போது கஜானா நிறைந்திருக்கிறது, அதே மக்கள் உண்மையாகச் சேவை செய்கிறார்கள். பிறகு எதற்கு இந்த வரி என்பது அவருடைய வாதம்.

அதற்குப் பிறகு ஜஹாங்கீர், ஷாஜஹான் காலங்களிலும் ஜிஸ்யா இல்லை. ஔரங்கசீப் 1658இல் அரியணை ஏறினார். அப்போதும் இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. மார்க்கப் பற்றுள்ளவர் என்று இளமையிலேயே பெயர் எடுத்த அவர், 21 வருடம் ஜிஸ்யா இல்லாமலே ஆட்சி செய்தார். 1679 ஏப்ரலில்தான் கட்டளை வந்தது. அவருடைய மார்க்கப் பற்று மட்டும் காரணமென்றால் முதல் வருடமே போட்டிருக்க வேண்டும்.

1679இல் என்ன நடந்தது? தக்காணத்தில் சிவாஜி 1674இலேயே முடிசூடிக்கொண்டு தனி அரசராகிவிட்டார். 1678 டிசம்பரில் மார்வார் அரசர் ஜஸ்வந்த் சிங் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருக்குப் பின் பிறந்த குழந்தையை அரசராக்க ராத்தோர் ராஜபுத்திரர்கள் கேட்டார்கள். ஔரங்கசீப் அந்த நாட்டைத் தன் நேரடி நிர்வாகத்துக்குள் எடுத்தார். பெரிய சண்டை மூண்டது. அக்பர் ஜிஸ்யாவை நிறுத்தியபோது ராஜபுத்திரர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஔரங்கசீப் போட்டபோது ஒரு பெரும் ராஜபுத்திரக் குடும்பம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

அவருடைய ஆட்சியை எழுதிய அரசவை நூலான மஆஸிரே ஆலம்கீரி, ஷரீஅத்தை நிலைநாட்டவே இந்த வரி என்று சொல்கிறது. அவருடைய சொந்த நம்பிக்கையை நாம் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சதீஷ் சந்திரா போன்ற வரலாற்றாசிரியர்கள் இன்னொன்றையும் காட்டுகிறார்கள். போர்கள் நெருக்கிய நேரத்தில் முஸ்லிம் பிரபுக்களையும் உலமாக்களையும் தன் பக்கம் இறுக்கிப் பிடிக்க அரசருக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. ஜிஸ்யாப் பணத்துக்குத் தனிக் கஜானா வைக்கப்பட்டது. வசூலிக்கும் பதவிகள் மார்க்கம் படித்தவர்களுக்குப் போயின. வேலையில்லாமல் இருந்த பலருக்கு அது ஒரு தொழிலாகவும் ஆனது.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

முகலாயர் பின்பற்றியது ஹனபி மத்ஹப். நாம் ஷாபிஈ. இந்த விஷயத்தில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. வேதக்காரர்கள், மஜூஸிகள் தவிர மற்றவர்களிடம் ஜிஸ்யா வாங்கி அவர்களைக் குடிமக்களாக ஏற்பதை ஷாபிஈ இமாம்கள் அனுமதிக்கவில்லை. ஹனபி இமாம்கள் இந்தியாவின் இந்துக்கள் போன்றவர்களையும் அதற்குள் சேர்த்தார்கள். ஹனபி நூல்களின்படி வரி மூன்று தரம். ஏழைக்கு வருடத்துக்கு 12 திர்ஹம், நடுத்தரத்தாருக்கு 24, செல்வந்தருக்கு 48. உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் காலத்தில் ஈராக்கில் வைத்த அளவு அது. ஆயிரம் வருடத்துக்கு மேல் கடந்து, இன்னொரு நாட்டில், இன்னொரு விலைவாசியில் அதே எண்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

பெண்கள், பிள்ளைகள், பைத்தியக்காரர், பார்வையற்றோர், பிச்சை எடுப்போர், தொழில் இல்லாத வறியோர், துறவிகள் ஆகியோருக்கு விலக்கு இருந்தது. இதை நாம் சொல்லத்தான் வேண்டும். சட்டத்தில் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் உழைத்துச் சம்பாதிக்கிற ஏழைக்கு விலக்கு இல்லை.

யார் ஏழை, யார் செல்வந்தர்? 200 திர்ஹத்துக்குக் குறைந்த சொத்துள்ளவர் ஏழை. 200இலிருந்து 10,000 வரை நடுத்தரம். 10,000க்கு மேல் செல்வந்தர். 200 திர்ஹம் என்றதும் உங்களுக்கு ஒன்று நினைவு வரும். அதுதான் நம் ஸகாத்தின் வெள்ளி நிஸாப், 595 கிராம் வெள்ளி. அதனால்தான் இந்தக் கணக்கு நமக்கு இலேசாக விளங்குகிறது.

கரும்பலகையில் நான்கு பேரை எழுதினேன். 150 திர்ஹம் சேமிப்பு உள்ள ஒரு முஸ்லிம் நெசவாளி, அதே 150 திர்ஹம் உள்ள ஓர் இந்து நெசவாளி, 12,000 திர்ஹம் உள்ள ஒரு முஸ்லிம் வியாபாரி, அதே 12,000 உள்ள ஓர் இந்து வியாபாரி.

முஸ்லிம் நெசவாளி நிஸாபை அடையவில்லை. அவருக்கு ஸகாத் கடமை இல்லை. அவரே ஸகாத் வாங்கத் தகுதியுள்ளவராகவும் இருக்கலாம். இந்து நெசவாளி 12 திர்ஹம் கட்ட வேண்டும். அது அவருடைய சேமிப்பில் நூற்றுக்கு 8.

முஸ்லிம் வியாபாரிக்கு ஸகாத் நூற்றுக்கு இரண்டரை. 12,000க்கு 300 திர்ஹம். இந்து வியாபாரிக்கு ஜிஸ்யா 48 திர்ஹம். அவருடைய சொத்தில் நூற்றுக்கு அரையைக்கூட அது தொடாது.

வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு அந்தப் பிள்ளையே சொன்னது: "அப்ப பணக்காரருக்கு இது லாபம், சேர். ஏழைக்குத்தான் அடி."

அவ்வளவுதான். "ஸகாத்துக்குப் பதில் ஜிஸ்யா, ஆகவே சமம்" என்று சொல்கிறவர் செல்வந்தரை மட்டும் பார்க்கிறார். ஸகாத் சொத்தைப் பார்த்து வாங்குவது. மேலே போகப் போகக் கூடும், கீழே ஓர் எல்லையில் நின்றுவிடும். ஜிஸ்யா ஆளைப் பார்த்து வாங்குவது. ஒரே வீட்டில் உழைக்கிற மூன்று ஆண்கள் இருந்தால் மூன்று தலைக்கும் வரி. 12 திர்ஹம் என்பது முகலாய நாணயத்தில் மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். நகரத்தில் சாதாரணக் கூலியாள் ஒருவர் ஒரு மாதம் உழைத்துப் பெறுகிற கூலிக்கு அது ஏறக்குறையச் சமம் என்று சதீஷ் சந்திரா கணக்கிடுகிறார். பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதக் கூலி, அதுவும் நில வரி போன்ற மற்ற வரிகளுக்கு மேல்.

இன்னொரு நியாயமும் சொல்வார்கள். ஜிஸ்யா கட்டுகிறவர் போருக்குப் போக வேண்டியதில்லை, அவரைப் பாதுகாப்பது அரசின் பொறுப்பு, அதற்கான கட்டணம்தான் அது என்பார்கள். ஆரம்ப காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. ஆனால் 1679இன் முகலாயப் படையைப் பாருங்கள். ராஜபுத்திரர்கள் அந்தப் படையின் முதுகெலும்பில் ஒரு பகுதி. அரச சேவையில் இருந்த இந்துக்களுக்கு ஜிஸ்யாவிலிருந்து விலக்கும் கொடுக்கப்பட்டது. அதன் விளைவு என்ன? பெரும் படையும் கோட்டையும் வைத்திருந்த ராஜா கட்டவில்லை. அவருடைய நாட்டானாகிய நெசவாளியும் கடைக்காரரும் கட்டினார்கள். வரலாற்றாசிரியர் அத்தர் அலியின் கணக்குப்படி, 1679க்குப் பிறகான காலத்தில் ஔரங்கசீப்பின் உயர் பிரபுக்களில் இந்துக்கள் நூற்றுக்கு 31.6. அதற்கு முந்திய காலத்தைவிடக் கூட. முக்கியக் காரணம், தக்காணப் போரில் மராட்டியத் தலைவர்களைப் பதவி கொடுத்துத் தன் பக்கம் இழுத்தது. ஔரங்கசீப்பை இந்துக்களின் எதிரி என்று மட்டும் சொல்கிறவர்களுக்கு இந்த எண் பதில். இந்துப் பிரபுக்கள் இருந்ததைக் காட்டி அவர் எல்லோரையும் சமமாக நடத்தினார் என்று சொல்கிற நம்மவர்களுக்கு அந்த நெசவாளி பதில்.

1681இல் மேவார் ராணாவோடு சமாதானம் ஏற்பட்டபோது, ஜிஸ்யாவுக்குப் பதிலாக ராணா மண்டல், புர், பத்னோர் என்ற மூன்று பர்கனாக்களை விட்டுக்கொடுத்தார். பேரம் பேச வலிமை உள்ளவரிடம் ஜிஸ்யாவும் பேரத்துக்கு உரிய பொருளானது. தனியாள் ஏழையிடம் பேரம் கிடையாது.

வசூல் எப்படி நடந்தது என்பதற்கு புர்ஹான்பூர் ஓர் உதாரணம். மீர் அப்துல் கரீம் என்ற அதிகாரி அங்கு ஜிஸ்யா வசூலுக்குப் பொறுப்பேற்றார். அதற்கு முந்திய வருடம் முழு நகரத்திலும் கிடைத்தது 26,000 ரூபாய். அவர் மூன்று மாதத்தில் நகரத்தின் பாதிக்கு மட்டும் 1,08,000 ரூபாய் கணக்கிட்டார். அரசவை நூல் இதை அவருடைய திறமையாகவே பதிவு செய்கிறது. நான் அதை வாசிக்கும்போது யோசிப்பது வேறு. ஒரே ஊர், ஒரே சட்டம், ஒரே அளவு. அதிகாரி மாறியதும் தொகை பல மடங்காகிறது. முன்னைய அதிகாரி கண்டும் காணாமல் விட்டிருக்க வேண்டும், அல்லது புதியவர் விலக்குக்கு உரியவர்களையும் பிடித்திருக்க வேண்டும், அல்லது இரண்டும் நடந்திருக்க வேண்டும். ஏட்டில் இருக்கிற விலக்குகள் தெருவில் அதிகாரியின் கையில்தான் இருந்தன.

மக்கள் பேசாமல் இருந்துவிடவும் இல்லை. காபி கான் என்ற வரலாற்றாசிரியர், அவரும் ஒரு முஸ்லிம்தான், டில்லியில் நடந்ததை எழுதியிருக்கிறார். கட்டளை வந்ததும் இந்துக்கள் திரளாக யமுனைக் கரையில், அரசர் காட்சி தருகிற மாடத்தின் கீழ் கூடி முறையிட்டார்கள். பலன் இல்லை. பிறகு ஜும்ஆவுக்கு அரசர் போகிற வழியில், கோட்டை வாசலிலிருந்து ஜாமிஆ மஸ்ஜித் வரை கூட்டம் அடைத்து நின்றது. வழி விடச் சொல்லியும் விலகவில்லை. யானைகளை நடத்தச் சொன்னார். சிலர் மிதிபட்டு இறந்தார்கள். காபி கான் இதைப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதினார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் முகலாய அரசை வெறுத்தவர் அல்ல அவர். அந்தச் சம்பவத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இதைச் சொல்லும்போது கோயில் விஷயத்தையும் யாராவது கேட்பீர்கள். அங்கேயும் ஒரே ஆள் இரண்டு விதமாகத்தான் நடந்தார். 1659இல் பனாரஸ் அதிகாரிக்கு அனுப்பிய பர்மானில், பழைய கோயில்களை இடிக்கக்கூடாது, புதிதாகக் கட்டவும் கூடாது, பிராமணர்களுக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது என்று எழுதினார். பத்து வருடம் கழித்து 1669இல் அதே பனாரஸில் விஸ்வநாதர் கோயில் இடிக்கப்பட்டது. அடுத்த வருடம் மதுராவில் கேசவராய் கோயில். பர்மானை மட்டும் பகிர்கிறவரும் பாதி உண்மைதான் சொல்கிறார், இடிப்பை மட்டும் பகிர்கிறவரும் பாதி உண்மைதான் சொல்கிறார்.

ஜிஸ்யா கடைசியில் என்ன ஆனது? 1704இல் ஔரங்கசீப்பே தக்காணத்தில் அதை நிறுத்திவைத்தார். பஞ்சமும் மராட்டியப் போரும் மக்களைச் சக்கையாகப் பிழிந்திருந்தன. 1707இல் அவர் வபாத்தானார். 1713இல் பரூக்சியர் ஜிஸ்யாவை நீக்கினார், 1717இல் அவரே திரும்பப் போட்டார். 1719இல் சையித் சகோதரர்கள் கை ஓங்கியபோது மீண்டும் எடுக்கப்பட்டது. சையித் சகோதரர்கள் வீழ்ந்த பிறகும் முஹம்மத் ஷா அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. இந்த ஏழெட்டு வருடத்தில் அரசர்களின் ஈமான் ஏறி இறங்கியதா? இல்லை. எந்தக் கட்சியின் ஆதரவு தேவையோ அதற்கேற்ப வரி வந்தது, போனது.

ஜிஸ்யாவால்தான் முகலாயப் பேரரசு விழுந்தது என்று சிலர் எழுதுவார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. இருபத்தைந்து வருடத் தக்காணப் போரின் செலவும், பிரபுக்களுக்குக் கொடுக்க ஜாகீர் நிலம் போதாமல் போனதும், வாரிசுச் சண்டைகளும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆனால் தன் நாட்டு மக்களில் ஒரு பகுதியினரைப் பார்த்து "நீங்கள் இந்த அரசின் ஆட்கள் இல்லை" என்று வருடத்துக்கு ஒருமுறை சொல்கிற வேலையை அந்த வரி செய்தது. அக்பருக்கு அது தேவையில்லை என்று பட்டது. ஔரங்கசீப்புக்கும் 21 வருடம் தேவைப்படவில்லை.

நாம் இந்த நாட்டில் எண்ணிக்கையில் குறைந்த சமூகம். ஒரு சட்டம் ஏட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும் நடைமுறையில் யார் மேல் விழுகிறது என்று பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மைப் பற்றிய விஷயத்தில் கேட்கிற அந்தக் கேள்வியை, நம் பெயர் தாங்கிய அரசர்கள் ஆண்ட இடத்திலும் கேட்க வேண்டும். யார் கட்டினார், எவ்வளவு கட்டினார், யாருக்கு விலக்குக் கிடைத்தது, முறையிட்டவருக்கு என்ன நடந்தது என்று கேட்டால், ஔரங்கசீப்பை வலியுல்லாஹ் ஆக்கவும் வேண்டாம், அரக்கன் ஆக்கவும் வேண்டாம்.

அந்தப் பிள்ளை வகுப்பு முடிந்து போகும்போது இன்னொன்று கேட்டது. "சேர், அந்த 150 திர்ஹம் முஸ்லிம் நெசவாளியும் இந்து நெசவாளியும் பக்கத்து வீடா இருந்தா, வரி வாங்க வாற நாளைக்கு எப்பிடி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்திருப்பாங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கீழே எழுதுங்கள். ஆண்டிலோ எண்ணிலோ பிழை கண்டால் அதையும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.